திறந்த நோட்டு, மூடிய நோட்டு

பொதுத்தேர்வுக்கு ஸ்டடி லீவ் விட்டதும் ஸ்டேஷனரி கடைகளில் சில பொருள்கள் வேகமாகத் தீரும். கோடு போட்ட நீள நோட்டு, நீலத்திலும் கறுப்பிலும் ஜெல் பேனா, பல வண்ண ஹைலைட்டர். வருடம் முழுக்க வகுப்பில் அவசரமாகக் கிறுக்கிய நோட்ஸை அழகாக எடுத்து எழுதுவதற்கான ஏற்பாடு அது. பிள்ளை குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வீட்டில் எல்லோருக்கும் மனசு நிறைந்துவிடுகிறது. செல்போனை நோண்டவில்லை, தூங்கவில்லை, எழுதுகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் மண்டைக்குள் எவ்வளவு போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. மாணவர்களும் பெற்றோரும் இதைப் பற்றி எழுப்பும் கேள்விகள் சிலவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நோட்ஸைத் திரும்ப எழுதினால் நினைவில் நிற்குமா, நேரம்தான் வீணா?

எழுதும்போது பழைய நோட்டு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினால் அந்த நேரத்தில் பெரும்பகுதி வீண். மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதி, பிறகு திறந்து சரிபார்த்தால் அதைப் போன்ற படிப்பு வேறில்லை. பேனா ஒன்றுதான், தாள் ஒன்றுதான், கைவலியும் ஒன்றுதான். பலன் மட்டும் வேறு.

பார்த்து எழுதும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கண் நான்கைந்து சொற்களைப் பார்க்கிறது. கை அவற்றை எழுதி முடிக்கும்வரை, அதாவது சில நொடிகள், அவை மனதில் இருந்தால் போதும். எழுதியதும் விட்டுவிட்டு அடுத்த நான்கைந்து சொற்களுக்குக் கண் திரும்புகிறது. பாடத்தைப் பற்றி மூளையிடம் இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அது வரி நேராகப் போகிறதா, தலைப்புக்கு எந்த நிறம், இந்தப் பக்கத்திலேயே முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பத்தி எழுதி முடித்தவரைத் தடுத்து, பார்க்காமல் அந்தப் பத்தியைச் சொல்லச் சொன்னால் பலருக்கும் முதல் வரிக்கு மேல் வராது.

செலவையும் பார்க்க வேண்டும். அடிக்கோடு, கட்டம், வண்ணம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்தை அழகாக எழுதக் கால் மணி நேரமாவது பிடிக்கும். பன்னிரண்டு பக்கம் வரும் ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரம். ஒரு பாடத்துக்கு அவ்வளவு கொடுத்தால் பத்துப் பதினைந்து பாடங்கள் உள்ள ஒரு புத்தகத்தை ஸ்டடி லீவுக்குள் முடிக்க முடியாது. அதனால்தான் பலருடைய ஃபேர் நோட்டிலும் முதல் நான்கு பாடங்கள் அச்சிட்டதுபோல் இருக்கும், மீதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும்.

“பத்து தடவை படிப்பதைவிட ஒரு தடவை எழுதுவது மேல்” என்று ஆசிரியர்கள் சொல்கிறார்களே?

சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் மனதில் இருந்தது பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. நாம் ‘பார்க்காமல்’ என்பதைத் தொலைத்துவிட்டு ‘எழுது’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இன்னொரு இடத்திலும் எழுதுவதற்குப் பலன் உண்டு. வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச நோட்ஸ் எடுப்பது. அவர் பேசும் வேகத்துக்கு யாராலும் முழுதாக எழுத முடியாது. எது முக்கியம், எதை விடலாம், எப்படிச் சுருக்கலாம் என்று ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுத்தாக வேண்டும், அந்த முடிவெடுப்பில்தான் படிப்பு இருக்கிறது. ஃபேர் நோட்டு எழுதும்போது முடிவெல்லாம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. கைக்கு மட்டும்தான் வேலை.

கையால் எழுதுவதற்கே தனி மகிமை இருப்பதாக ஒரு பேச்சு உண்டு. மடிக்கணினியில் தட்டச்சு செய்தவர்களைவிடக் கையால் குறிப்பெடுத்தவர்கள் பாடத்தின் கருத்தைக் கேட்கும் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள் என்று 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. அதே சோதனையை வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து 2021-ல் வெளியிட்டபோது அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. ஆகவே கையெழுத்தைப் பெரிய மந்திரமாக நினைக்க வேண்டாம்.

திரும்ப எழுதுவதைவிட நினைவிலிருந்து எழுதுவது மேல் என்பதற்கு என்ன ஆதாரம்?

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்து 2006-ல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையில் மிகவும் பெயர் பெற்றது. கல்லூரி மாணவர்களுக்குச் சின்னதாக ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை நேரம். ஒரு குழுவினர் நான்கு முறையும் படித்தார்கள். இன்னொரு குழுவினர் முதல் ஐந்து நிமிடம் மட்டும் படித்தார்கள். மற்ற மூன்று முறையும் வெற்றுத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். முதல் குழு அந்தப் பகுதியைச் சராசரியாக 14 தடவை படித்து முடித்திருந்தது. இரண்டாவது குழு படித்தது மூன்று, நான்கு தடவைதான்.

ஐந்து நிமிடம் கழித்துச் சிலருக்குத் தேர்வு வைத்தார்கள். படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் எழுதினார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம்தான். மற்றவர்களுக்கு ஒரு வாரம் கழித்து வைத்தார்கள். நிலைமை தலைகீழாயிற்று. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு நின்றது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நான்கு முறையும் படித்த குழுவினர்!

இது திரும்பப் படிப்பதைப் பற்றிய சோதனைதானே, திரும்ப எழுதுவதைப் பற்றியது இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்த்து எழுதுவது கையோடு சேர்த்துச் செய்யும் மெதுவான வாசிப்புதான் என்பது என் எண்ணம். ஆனாலும் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான சோதனை ஒன்று இருக்கிறது. கார்ப்பிக்கியும் ஜேனல் பிளண்ட் என்ற ஆய்வாளரும் 2011-ல் வெளியிட்டது. அறிவியல் பாடப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குழு கருத்து வரைபடம் போட்டது: கட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோட்டின் மேல் விளக்கம். நம் பிள்ளைகள் ஃபேர் நோட்டில் கலர் கலராகப் போடும் வகை. இன்னொரு குழு படித்தது, மூடியது, நினைவிலிருந்து எழுதியது, திரும்பவும் ஒரு முறை படித்து எழுதியது. ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் இருந்தார்கள். பாடத்தை நேராகக் கேட்ட கேள்விகளில் மட்டும் இல்லை, யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளிலும் அப்படித்தான். கடைசித் தேர்வாகக் கருத்து வரைபடமே போடச் சொன்னபோதும் அவர்கள்தான் நன்றாகப் போட்டார்கள்.

ஆனால் அழகாக எழுதி முடித்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது போல் இருக்கிறதே?

இந்தப் பழக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமே அந்த உணர்வுதான். ரேடியோவில் பழைய பாட்டு ஓடும்போது கூடவே பாடினால் ஒரு சொல் தப்பாது. ரேடியோவை அணைத்துவிட்டுத் தனியாகப் பாடச் சொன்னால் பல்லவிக்குப் பிறகு தடுமாறும். கூடவே பாடியபோது அடுத்த சொல்லை ரேடியோ எடுத்துக் கொடுத்தது. திறந்த நோட்டு செய்வதும் அதுதான். தேர்வு அறையில் எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

ஒரு பக்கத்தை இரண்டாவது முறை பார்க்கும்போது கண்ணுக்குப் பழக்கமாக இருக்கிறது. மூன்றாவது முறை இன்னும் வழுவழுவென்று போகிறது. இந்தப் பழக்கத்தை மனம் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. மூடி வைத்து எழுதும்போதோ நேர்மாறாக, தடுமாற்றம், வெறுமை, எரிச்சல். ‘நமக்கு ஒன்றுமே வரவில்லை’ என்ற எண்ணம். அதனால் பலன் தரும் முறை பலன் இல்லாதது போலவும், பலன் தராத முறை பிரமாதமாகவும் தோன்றுகிறது. மேலே சொன்ன சோதனையில் படித்துக்கொண்டே இருந்தவர்கள் ஏமாந்தது இதனால்தான்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எழுதி முடித்த அன்றிரவே அம்மாவிடம் நோட்டைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னால் ஓரளவு பதில் வந்துவிடும். ‘பார், எழுதினேன், பதிந்துவிட்டது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் 83 சதவீதம் வந்தது இந்த வகைதான். சோதிப்பதாக இருந்தால் ஐந்தாறு நாள் விட்டுச் சோதிக்க வேண்டும். ஒரே பாடத்தில் பாதியைப் பார்த்து எழுதுங்கள், மறுபாதிக்கு அதே அளவு நேரம் கொடுத்து மூடி எழுதித் திருத்துங்கள். ஒரு வாரம் இரண்டையும் தொட வேண்டாம். பிறகு வெற்றுத் தாளில் இரண்டையும் எழுதிப் பாருங்கள். யார் சொல்வதையும் நம்ப வேண்டிய அவசியம் இருக்காது.

மூடி எழுதுவதை எப்படிச் செய்வது? ஒரு பாடத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

இதயத்தின் வழியே இரத்தம் எப்படி ஓடுகிறது என்ற பகுதியை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் படித்திருப்பீர்கள். படத்தோடு சேர்த்து அழகாக எழுதினால் மூன்று பக்கம், முக்கால் மணி நேரம்.

முதலில் வகுப்பு நோட்டையோ புத்தகத்தையோ ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். ஏழெட்டு நிமிடம் போதும். மூடிவிட்டு வெற்றுத் தாளில், நீல மையில், நினைவில் இருப்பதை எழுத வேண்டும். கையெழுத்து கோணலாக இருக்கட்டும். ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “உடலிலிருந்து வரும் அசுத்த இரத்தம் வலது ஆரிக்கிளுக்கு வருகிறது. அங்கிருந்து ஈரிதழ் வால்வு வழியாக வலது வென்ட்ரிக்கிள். பிறகு நுரையீரல் சிரை வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே சுத்தமாகி நுரையீரல் தமனி வழியாக இடது ஆரிக்கிளுக்கு வருகிறது. இடது வென்ட்ரிக்கிள். பிறகு உடல் முழுக்க.”

இப்போது நோட்டைத் திறந்து சிவப்பு மையில் திருத்த வேண்டும். பாதை சரி, நான்கு அறைகளின் வரிசையும் சரி. ஆனால் இரத்தம் வலது ஆரிக்கிளுக்கு எவற்றின் வழியாக வருகிறது என்பது விட்டுப்போயிருக்கிறது: மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை. இடது வென்ட்ரிக்கிளிலிருந்து வெளியே போகும் பெருந்தமனியையும் காணவில்லை. வலது பக்கம் இருப்பது மூவிதழ் வால்வு. ஈரிதழ் வால்வு இடது பக்கம். அங்கே இடம் மாறிவிட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் தலைகீழாகிவிட்டன.

இந்தக் கடைசித் தப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமனி என்றால் சுத்த இரத்தம், சிரை என்றால் அசுத்த இரத்தம் என்று சின்ன வகுப்பிலிருந்து மனதில் ஒரு விதி உட்கார்ந்திருக்கிறது. அந்த விதிப்படி யோசித்துத்தான் அவள் எழுதினாள். உண்மையில் இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா இல்லையா என்பது பெயரைத் தீர்மானிப்பதில்லை. உடலின் மற்ற இடங்களில் இரண்டும் ஒத்துப்போவதால் தப்பான விதியும் வேலை செய்வது போல் தெரிகிறது. நுரையீரல் பக்கம் வந்தால்தான் அது உடைகிறது.

இதே மாணவி அந்தப் பகுதியை ஃபேர் நோட்டில் ஐந்து தடவை எழுதியிருந்தாலும் ஐந்து தடவையும் ‘நுரையீரல் தமனி’ என்று சரியாகவே எழுதியிருப்பாள், ஏனென்றால் பார்த்து எழுதியது தப்பாக வராது. மனதில் உள்ள தப்பு வெளியே வர வழியே இல்லாமல் தேர்வு அறைவரை பத்திரமாகப் போயிருக்கும். எது தெரியாது என்று காட்டிக்கொடுப்பதுதான் மூடிய நோட்டின் பெரிய உதவி, நினைவு வலுப்படுவது அதற்கு மேல்.

திருத்தியபின் அன்றைக்கு அதை விட்டுவிடலாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொரு வெற்றுத் தாள். இந்த முறை ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும், சிவப்பு மை குறைவாக இருக்கும். வால்வு மட்டும் இன்னும் இடம் மாறலாம். நான்கைந்து நாள் கழித்து மூன்றாவது முறை. மூன்றும் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாது, ஃபேர் நோட்டுக்கு ஆகும் அதே நேரம். ஒரே நாளில் மூன்று முறை எழுதிவிடலாமே என்று தோன்றும். அது அவ்வளவு உதவாது. கொஞ்சம் மறக்க விட்டு, முயன்று மீட்கும்போதுதான் பிடி இறுகுகிறது.

மூடி எழுதினால் ஒன்றுமே வரவில்லை. அப்போது என்ன செய்வது?

அப்படியானால் எழுதிப் பார்க்கும் கட்டம் இன்னும் வரவில்லை. புரியாத பாடத்தை மீட்க முடியாது, மீட்க எதுவும் இல்லை. திரும்பவும் படியுங்கள், இந்த முறை சின்னத் துண்டாக. முழு இதயத்துக்குப் பதில் வலது பக்கம் மட்டும். அதை மூடி எழுதுங்கள். அதுவும் வராவிட்டால் யாரிடமாவது கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும்.

சரிபார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. தப்பாக எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டால் அடுத்த முறையும் அந்தத் தப்பே முன்னால் வந்து நிற்கும்.

அப்படியானால் நோட்ஸைத் திறந்து வைத்து எழுதவே கூடாதா?

எழுத வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. வகுப்பில் எழுதியதை உங்களாலேயே படிக்க முடியவில்லை என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். நாலு நாள் பள்ளிக்குப் போகாமல் நண்பனின் நோட்டை வாங்கி வந்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் அதற்கான நேரம் ஸ்டடி லீவ் இல்லை, பாடம் நடத்திய அந்த வாரம். அப்போதானால் ‘இந்த வரி என்ன?’ என்று ஆசிரியரைக் கேட்கலாம், வகுப்பில் சொன்ன உதாரணம் ஞாபகம் இருக்கும், விட்டுப்போனதைச் சேர்க்கலாம். அது நோட்டைச் சரிசெய்யும் வேலை. படித்த கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

பன்னிரண்டு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதுவதும் வேறு. எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அங்கே மூளைக்கு வேலை இருக்கிறது. ஆனால் சுருக்குவது ஒரு திறமை. அது கைவராதவர்கள் தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் எடுத்து எழுதிவிட்டுச் சுருக்கம் என்பார்கள். படிக்கும் முறைகள் பத்தை எடுத்துக்கொண்டு அவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, ஜான் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2013-ல் வெளியிட்ட பெரிய மதிப்பீடு ஒன்று இருக்கிறது. சுருக்கி எழுதுவது அதில் குறைந்த பயனுள்ள வரிசையில்தான் வந்தது, இந்தக் காரணத்தால்தான். முதலிடம் பெற்றவை இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

படங்களில் கைப்பயிற்சிக்கு இடமுண்டு. இதயத்தின் குறுக்குவெட்டையோ பூவின் நீள்வெட்டையோ முதல் இரண்டு முறை பார்த்து வரையலாம், கை வடிவத்துக்குப் பழக வேண்டும். மூன்றாவது முறை முதல் பார்க்காமல். பாகங்களின் பெயரை எப்போதும் பார்க்காமல்தான் குறிக்க வேண்டும்.

ஹைலைட்டரும் வண்ணப் பேனாவும்?

அந்த மதிப்பீட்டில் அடிக்கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயனுள்ளவற்றில்தான் சேர்ந்தன. பக்கம் முழுக்க மஞ்சள் பூசினால் எதையும் எடுத்துக் காட்டியதாகாது. இரண்டு நிறம் போதும். தெரிந்து எழுதியதற்கு ஒன்று, தெரியாமல் திருத்தியதற்கு ஒன்று.

கணக்குக்கும் இதே பதிலா?

கணக்கில் பார்த்து எழுதுவது இன்னும் மோசம். தீர்த்த கணக்கை வரி வரியாக எடுத்து எழுதும்போது ஒவ்வொரு வரியும் ‘ஆமாம், சரிதான்’ என்று தோன்றும். ஆனால் தேர்வில் வேண்டியது அடுத்த வரி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. புதிய வகைக் கணக்கானால் தீர்த்ததை ஒன்றிரண்டு முறை காரணம் கேட்டுக்கொண்டே படிப்பது நல்லது. அதன் பிறகு வினாவை மட்டும் எழுதிக்கொண்டு விடையை மறைத்துவிட வேண்டும். எந்த வரியில் கை நிற்கிறதோ அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தொடரலாம்.

இம்போசிஷன் எழுதவைக்கிறார்களே, பத்து முறை, இருபது முறை?

எழுத்துப் பிழைக்கு ஓரளவு உதவும். ஒற்று விட்டுப்போகும் சொல்லையோ ஆங்கிலச் சொல்லின் ஸ்பெல்லிங்கையோ திரும்பத் திரும்ப எழுதினால் கை பழகிக்கொள்ளும். ஒரு நெடுவினாவின் விடையை இருபது முறை எழுதச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. இம்போசிஷன் எழுதிய யாருக்கும் தெரியும், மூன்றாவது முறைக்குப் பிறகு முதல் சொல்லை இருபது வரியிலும் மேலிருந்து கீழாக எழுதி, பிறகு இரண்டாவது சொல்லை எழுதும் தந்திரம் வந்துவிடும். அப்புறம் என்ன எழுதுகிறோம் என்பதே மனதில் இருக்காது. தண்டனையாகக் கொடுப்பதென்றால் தண்டனை என்றே சொல்லிவிடலாம்.

கையெழுத்துக்கும் அடுக்கி எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டே. அதற்கான பயிற்சியாவது ஆகாதா?

தேர்வில் கை ஓட வேண்டியது நேர நெருக்கடியில், யோசித்துக்கொண்டே. ஃபேர் நோட்டு எழுதுவது ஆற அமர, யோசனை இல்லாமல். இரண்டுக்கும் சம்பந்தம் குறைவு. விடைத்தாளைப் போல மடித்து மார்ஜின் விட்ட தாளில், கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு பழைய வினாத்தாளின் நெடுவினாக்களை மட்டும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எங்கே எழுத்து சிதைகிறது, எந்த விடைக்கு நேரம் அதிகம் போகிறது என்று தெரிந்துவிடும், பாடமும் மீட்டதாயிற்று.

நாளைக் காலையில் தேர்வு. இன்றிரவு என்ன செய்வது?

இன்றிரவு புதிதாக எதையும் அழகாக எழுத உட்காராதீர்கள். ஏற்கெனவே மூடி எழுதித் திருத்திய தாள்கள் இருந்தால் சிவப்பில் உள்ளதை மட்டும் பாருங்கள். அப்படி எதுவும் இல்லை, இதுவரை முறையாகப் படிக்கவே இல்லை என்றால் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: சில மணி நேரத்தில் வரும் தேர்வுக்குத் திரும்பத் திரும்பப் படிப்பதும் கொஞ்சம் உதவும். ஐந்து நிமிடத் தேர்வில் அவர்கள்தானே ஜெயித்தார்கள்? ஆனால் அப்படிப் படித்தது வேகமாகக் கரையும். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிவிட்டு மே மாதம் நீட் எழுத வேண்டிய பிளஸ் டூ மாணவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே உயிரியல் பாடத்தை இரண்டு முறை முதலிலிருந்து படிக்க வேண்டி வரும்.

என் மகளுக்கு அழகாக எழுதினால்தான் நிம்மதி. வேண்டாம் என்றால் அழுகிறாள். என்ன செய்ய?

பிடுங்க வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில் வெற்றுத் தாளில் கிறுக்கலாக மூடி எழுதட்டும், திருத்தட்டும். பிறகு சிவப்பு மையில் வந்தவற்றை மட்டும், அவளுக்குப் பிடித்த பேனாவால், பிடித்த நிறத்தில், ஒரு தனி நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தெரிந்ததைத் திரும்ப எழுதும் வேலை அங்கே இருக்காது. இதயப் பாடத்துக்கு அந்த நோட்டில் வருவது நான்கு வரிதான்: இரத்தத்தைக் கொண்டுவரும் இரண்டு பெருஞ்சிரைகள், வெளியே கொண்டுபோகும் பெருந்தமனி, வலது பக்கம் மூவிதழ் இடது பக்கம் ஈரிதழ், இதயத்திலிருந்து வெளியே போவது எல்லாம் தமனி. அடுத்த வாரம் எழுதிப் பார்க்கும்போது எது சரியாக வந்ததோ அதை அந்த நோட்டில் அவளே அடித்துவிடலாம்.